மலை ‘மலாய்’ ஆன கதை: ஒரு பாக்கெட் சாமைக்குப் பெயர் தேடிய இரண்டு நாள்கள்

அரூரிலிருந்து பஸ் ஏறி, மலைப்பாதையில் வளைந்து வளைந்து சித்தேரிக்குப் போய் இறங்கியபோது என் கையில் ஒரு நோட்டும், மனசில் நிறைய தன்னம்பிக்கையும் இருந்தன. ஜர்னலிசம் டிப்ளமோவில் விளம்பரத் துறை பற்றி ஒரு பேப்பர் படித்திருக்கிறேன். ‘பிராண்டுக்குப் பெயர் வைப்பது எப்படி?’ என்ற கேள்விக்குப் பத்து மார்க் பதிலும் எழுதியிருக்கிறேன். இது போதாதா?

போதவில்லை. அதைத்தான் இந்த வாரம் உங்களிடம் சொல்லப்போகிறேன்.

சித்தேரி மலையில் சாமை விளைவிக்கும் பெண்கள் சிலர் குழுவாகச் சேர்ந்து, அதை உமி நீக்கி, அரிசியாக்கி, அரைக்கிலோ பாக்கெட்டில் விற்கிறார்கள். உள்ளூரில் பிரச்னை இல்லை. சென்ற வருடம் பெங்களூருக்கு முதன்முறையாகச் சரக்கு அனுப்பினார்கள். அதில் பாதிக்கு மேல் விற்காமல் திரும்பி வந்துவிட்டது. அந்தக் கடைக்காரர் போனில் சொன்ன ஒரு வரிதான் என்னை அங்கே வரவழைத்தது. “இது என்ன மலாய்னு கஸ்டமருங்க கேக்கிறாங்க. பிரிச்சுப் பார்த்தா தானியம் இருக்கு.”

பாக்கெட்டை வாங்கிப் பார்த்தேன். தமிழில் ‘சித்தேரி மலைச் சாமை’. அழகான பெயர். அதன் கீழே ஆங்கில எழுத்தில்: Sitheri Malai Samai.

ஒரு நிமிடம் இந்தி மட்டும் தெரிந்தவராக இதைப் படித்துப் பாருங்கள். Malai என்றால் அவருக்குப் பாலேடு. மலாய் கோஃப்தா, மலாய் குல்ஃபியில் வரும் அதே மலாய். Samai என்பதை ‘சமய்’ என்று படித்தால் ‘நேரம்’. ஆக, சித்தேரிப் பெண்கள் வெயிலில் நின்று அறுத்து, குத்தி, புடைத்து அனுப்பிய சாமை, பெங்களூர் அலமாரியில் ‘பாலேடு நேரம்’ ஆகி நின்றிருக்கிறது!

சரக்கு திரும்பியதற்குப் பெயர் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். விலை, வைத்த இடம் என்று வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால், வாங்கிச் சாப்பிட்டுப் பிடித்துப்போன ஒருவர் மறுபடி கேட்க வேண்டுமென்றால், அந்தப் பெயரை அவர் வாயால் சொல்ல முடிய வேண்டும். அது அங்கே நடக்கவில்லை.

ஓர் ஊர், இரண்டு ஸ்பெல்லிங்

முதல் சிக்கல் ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது. போனில் தேடிப் பாருங்கள். Sitheri என்றும் வரும், Chitteri என்றும் வரும். இரண்டும் இதே மலைதான். தமிழில் ‘ச’ என்ற ஓர் எழுத்து ‘ச’வாகவும் ஒலிக்கும், ‘ச்ச’வாகவும் ஒலிக்கும். எனவே ஆங்கிலத்தில் ஒருவர் ‘எஸ்’ போடுகிறார், இன்னொருவர் ‘சிஹெச்’ போடுகிறார். அடுத்து வரும் ‘த்’துக்கு நம் பக்கத்தில் ‘டிஹெச்’ எழுதுவது பழக்கம். வடக்கே இருப்பவர்களுக்கு அதே ‘டிஹெச்’ மூச்சைத் தள்ளிச் சொல்லும் வேறோர் ஒலி. அந்த ‘ஹெச்’சை எடுத்துவிட்டால் ஆங்கிலம் படித்தவர்கள் ‘சிட்டேரி’ என்கிறார்கள்.

இதற்குக் காரணத்தை நாம் பள்ளியில் மனப்பாடம் செய்த இலக்கணத்திலேயே தேடலாம். க, ச, ட, த, ப, ற என்று வல்லினம் சொல்லிக்கொடுத்தார்களே, அந்த ஆறுதான் தமிழ்ப் பெயர்கள் வெளியூர் போகும்போது சறுக்கும் இடங்கள். ‘க’ எழுத்து இடத்துக்குத் தகுந்தபடி மூன்று விதமாக ஒலிக்கும். ‘ப’ சில சமயம் ‘பாபு’வில் வருகிற மாதிரி மாறும். எழுத்தைப் பார்த்து எந்த ஒலி என்று நாம் பழக்கத்தில் கண்டுபிடித்துவிடுகிறோம். மற்றவர்களுக்கு அது தெரியாது. ‘ழ’வைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மலையாளிகளைத் தவிர வெளியே பெரும்பாலும் அது ‘ல’ ஆகிவிடும்.

ம, ந, ன, ய, ர, ல, வ என்ற எழுத்துகள் அப்படி மாறுவதில்லை. எந்த மொழிக்காரர் வாயில் விழுந்தாலும் கிட்டத்தட்ட அப்படியே வெளியே வரும். ‘கிட்டத்தட்ட’ என்று சொல்லக் காரணம், வங்காளிகளுக்கு ‘வ’ ஒலி ‘ப’ பக்கம் போய்விடும். எல்லா மொழிக்கும் பாதுகாப்பான எழுத்து என்று ஒன்று கிடையாது. சேதம் குறைவான எழுத்துகள் உண்டு, அவ்வளவுதான்.

தினமும் காலையில் நாம் சொல்லும் பெயர்

இதற்கு நல்ல உதாரணம் உங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் இருக்கிறது. ஆவின்.

‘ஆ’ என்றால் பசு. ‘ஆவின்’ என்றால் பசுவின். ‘ஆவின் பால்’ என்று சேர்த்துச் சொன்னால் பசுவின் பால். 1981-ல் தமிழ்நாடு கூட்டுறவு பால் உற்பத்தியாளர்கள் இணையம் தொடங்கியது. அவ்வளவு நீளமான பெயரைச் சொல்லி யாராவது பூத்தில் பால் வாங்க முடியுமா? ஆனால் ‘அரை லிட்டர் ஆவின்’ என்று குழந்தைகூடச் சொல்லும்.

பெயரைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். ஆ, வி, ன். மூன்றே எழுத்து, இரண்டே அசை. வல்லினம் ஒன்றுகூட இல்லை. நெடில் ஒன்றுதான், அதுவும் முதலிலேயே இருப்பதால் ஆங்கிலத்தில் இரண்டு ‘ஏ’ போட்டுக் காட்டிவிடலாம். அர்த்தம் தெரிந்தவருக்கு அதில் பசு தெரியும். ‘ஆ’ என்றால் பசு என்று தெரியாதவருக்கு அது ஒரு சின்ன, இனிமையான ஒலி. அர்த்தம் புரிந்தால் கூடுதல் லாபம், புரியாவிட்டாலும் நஷ்டமில்லை.

குஜராத்தின் அமுலும் இப்படித்தான். ‘அமூல்ய’ என்ற சமஸ்கிருதச் சொல்லிலிருந்து எடுத்தது, விலைமதிப்பில்லாதது என்று பொருள். ஆனந்த் ஊர்ப் பால் சங்கத்தின் ஆங்கில முதலெழுத்துகளும் அதில் அடங்கியிருக்கின்றன. தமிழில் ‘அமுல்’ என்றதும் நமக்கு ‘ஊரடங்கு அமுல்’தான் ஞாபகம் வரும். ஆனாலும் வெண்ணெய் விற்றது. வேறு மொழியில் வேறு அர்த்தம் வந்தாலே பெயர் கெட்டுப்போகாது. அந்த அர்த்தம் பொருளைத் தவறாகக் காட்டினாலோ, அருவருப்பைத் தந்தாலோதான் ஆபத்து. உத்தரவு ‘அமுல்’ ஆனதை வைத்து வெண்ணெயை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆனால் சாப்பாட்டுப் பொருளின் மேல் ‘மலாய்’ என்று இருந்தால், உள்ளே பாலேடு இருப்பதாகத்தான் நினைப்பார்கள்.

‘இதயம்’, ‘சக்தி’ எல்லாம் வல்லினத்தோடு இருக்கிறதே, ஜெயிக்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. விளம்பரத்துக்குப் பணமும், பழக்கப்படுத்த வருடங்களும் இருந்தால் எந்தப் பெயரையும் ஊர் வாயில் ஏற்றிவிடலாம். இரண்டும் இல்லாதவர்களுக்குத்தான் பெயரே விளம்பரம். சித்தேரிக் குழு அந்த இரண்டாவது வகை.

என் புத்தகப் பெயருக்குக் கிடைத்த மரியாதை

சரி, புதுப் பெயர் வைப்போம் என்று உட்கார்ந்தோம். குழுவில் பதினோரு பேர். சாமை உலர்த்தியிருந்த வாசலில் பாய் விரித்து, ஆளுக்குத் தோன்றியதை எல்லாம் சொல்லச் சொன்னேன். நோட்டில் இருபத்தி ஏழு பெயர்கள் சேர்ந்தன. கண்டிப்பாக வேண்டாம் என்பதை எல்லாம் அடித்த பிறகு நான்கு மிஞ்சின. கதிர், மாரி, மானாவாரி, அப்புறம் நான் பெருமையாகச் சொன்ன ‘புனம்’.

புனம் என்றால் மலைச்சரிவில் தினையும் சாமையும் விதைக்கிற நிலம். பழைய இலக்கியத்தில் நிறைய வரும் சொல். ஆங்கிலத்தில் எழுதினால் இந்திக்காரர்கள் ‘பூனம்’ என்று படிப்பார்கள். அதற்குப் பௌர்ணமி என்று பொருள், பெண் பிள்ளைகளுக்கு வைக்கும் பெயரும்கூட. இரண்டு பக்கமும் நல்ல அர்த்தம்! சொல்லிவிட்டுப் பாராட்டுக்காகக் காத்திருந்தேன்.

வாசலில் ஓர் அமைதி. பிறகு குழுத் தலைவி அக்கா மெதுவாகக் கேட்டார். “கண்ணு, இத வேகமா சொல்லிப் பாரு.”

சொல்லிப் பார்த்தேன். பேச்சில் ‘புனம்’ ‘பொனம்’ ஆகிறது. ‘பிணம்’ என்ன ஆகும்? ‘பொணம்’!

“சோறாக்கித் திங்கிறதுக்குப் போய் யாராவது இந்தப் பேரு வெப்பாங்களா?” என்று ஒரு பாட்டி கேட்க, பதினோரு பேரும் சிரித்த சிரிப்பில் சாமையில் உட்கார்ந்திருந்த குருவிகள் பறந்துபோயின. நான் இந்தி அகராதி வரைக்கும் போய் அர்த்தம் தேடினேன். என் சொந்தப் பேச்சுமொழியைத் தேட மறந்துவிட்டேன். பெயரை எழுதிப் பார்த்தால் மட்டும் போதாது. மார்க்கெட்டில் பேசுகிற வேகத்தில், கொச்சையில், வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

போன் பரீட்சை

மிச்சம் மூன்று பெயர்களையும் ஒரு பரீட்சைக்கு உட்படுத்தினோம். செலவில்லாத பரீட்சை, நீங்களும் செய்யலாம்.

பெயரை ஒருவருக்குப் போனில் ஒரே ஒருமுறை சொல்ல வேண்டும். ஸ்பெல்லிங் சொல்லக் கூடாது. அவர் அதை ஆங்கில எழுத்தில் தட்டி மெசேஜ் அனுப்ப வேண்டும். அவர் அனுப்பியதை அப்படியே வேறொருவருக்கு அனுப்பி, அவரைச் சத்தமாகப் படித்து வாய்ஸ் மெசேஜ் போடச் சொல்ல வேண்டும். கடைசியில் திரும்பி வருவது முதலில் சொன்ன பெயரா என்று பார்க்க வேண்டும். மறுநாள், அதே ஆட்களிடம் “நேத்து என்ன பேர் சொன்னேன்?” என்று கேட்க வேண்டும். முதல் பாதி உச்சரிப்புக்கு, இரண்டாவது பாதி ஞாபகத்துக்கு.

என்னோடு ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பாட்னா தோழி, அலுவலகத்தில் ஒரு கன்னடக்காரர், ஒரு மலையாளி, தமிழ் தெரிந்த இருவர் என ஐந்து பேரைப் பிடித்தேன்.

‘கதிர்’ மூன்று ஸ்பெல்லிங்கில் வந்தது: Kadir, Kathir, Kadhir. காதுக்கு நல்ல பெயர்தான். ஆனால் போனில் தேடி வாங்குகிற காலத்தில் மூன்று ஸ்பெல்லிங் என்றால் மூன்று வெவ்வேறு கடை மாதிரி. ஒருவர் சரியாகத் தேடினால் இருவர் எங்கோ போய்விடுவார்கள்.

‘மாரி’க்கு மழை என்று அர்த்தம், அம்மன் பெயரும்கூட. எழுத்துகளும் பாதுகாப்பானவை. ஆனால் ஆங்கிலத்தில் Mari என்று போனதும், கன்னடக்காரர் “பிஸ்கட்டா?” என்றார். பாட்னா தோழி கொஞ்சம் தயங்கிவிட்டு, “எங்க பாஷையில இத ‘மரீ’னு படிச்சா ‘அவள் செத்தாள்’னு அர்த்தம்” என்றாள். ‘மஹாமாரி’ என்றால் கொள்ளைநோய் என்பதையும் சேர்த்துச் சொன்னாள். நமக்குச் சாமியாக இருப்பது அங்கே சாவாகக் கேட்கிறது. அடித்தோம்.

‘மானாவாரி’ எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மழையை மட்டும் நம்பிச் செய்கிற விவசாயம், சாமை அப்படித்தான் விளைகிறது. வல்லினமே இல்லை. ஆனால் நெடில் மூன்று! ஆங்கிலத்தில் எந்த ‘ஏ’ நெடில், எது குறில் என்று யாருக்குத் தெரியும்? ‘மனவரி’ என்று திரும்பி வந்தது. மறுநாள் கேட்டபோது இரண்டு பேர் ‘மாவாரி’ என்றார்கள், ஒருவர் “ஏதோ வாரி” என்றார். நான்கு அசைப் பெயரில் நடுவில் இருப்பதுதான் முதலில் உதிர்கிறது.

1888-ல் கேமரா விற்கக் கிளம்பிய அமெரிக்கர் ஜார்ஜ் ஈஸ்ட்மேன் இதே தலைவலியைப் பட்டிருக்கிறார். பெயர் சின்னதாக இருக்க வேண்டும், யாரும் தப்பாக உச்சரிக்க முடியாததாக இருக்க வேண்டும், ஏற்கெனவே இருக்கும் எதையும் நினைவூட்டக் கூடாது என்று முடிவு செய்து, எந்த மொழியிலும் இல்லாத ‘கோடக்’ என்ற சொல்லை உருவாக்கினார். அவருக்கு ‘கே’ எழுத்து பிடிக்குமாம், அதையே முன்னும் பின்னும் வைத்தார். அர்த்தமே இல்லாத சொல்லுக்கு எதிர் அர்த்தமும் இருக்காது, அதுதான் அதன் பலம். ஆனால் அர்த்தமில்லாத சொல்லை ஊருக்குப் பழக்க விளம்பரம் வேண்டும். கையில் காசு இல்லாத சித்தேரிக்குப் பாதி அர்த்தம், பாதி ஒலி என்று ஆவின் வழிதான் சரி.

‘நம்ம ஊரு பேரு நமக்குச் சொந்தம் இல்லையா?’

இங்கே தலைவி அக்கா ஒரு கேள்வி கேட்டார். “பேரு எதுவா வேணா இருக்கட்டும் பாப்பா. சித்தேரிங்கிறத விட்டுட முடியுமா? நம்ம ஊரு பேரு நமக்குச் சொந்தம் இல்லையா?”

எல்லோருக்கும் சொந்தம், அதுதான் சிக்கல். 1999-ம் ஆண்டின் டிரேடு மார்க் சட்டத்தில் 9-வது பிரிவு இதைச் சொல்கிறது. பொருளின் வகை, தரம், விளையும் இடம் ஆகியவற்றை மட்டுமே சொல்லும் சொல்லை ஒருவர் தனக்கு மட்டும் என்று பதிவு செய்ய முடியாது. நீண்டகாலப் பயன்பாட்டால் அந்தப் பெயர் அவருடையதாகவே மக்கள் மனதில் பதிந்திருந்தால் மட்டும் விலக்கு உண்டு. ‘சித்தேரி’ இடம், ‘மலை’ இடம், ‘சாமை’ பொருள். மூன்று சொல்லும் அந்த வலைக்குள் விழுகின்றன. நாளை அடிவாரத்தில் யாராவது வெளியூர்ச் சாமையை வாங்கி அதே பெயரில் பாக்கெட் போட்டால், பெயரை வைத்து இவர்கள் தடுப்பது கஷ்டம்.

நல்ல சாமிப் பெயராக எடுத்தாலும் வேலி பலவீனம்தான். ‘நந்தினி’ வழக்கு அதற்குச் சாட்சி. கர்நாடகக் கூட்டுறவுப் பால் இணையம் 1985 முதல் ‘நந்தினி’ என்ற பெயரில் பால் விற்கிறது. பெங்களூரில் 1989 முதல் ‘நந்தினி டீலக்ஸ்’ என்ற உணவகம் இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘டி’க்குப் பிறகு ஒரு ‘ஹெச்’ கூடுதல், அவ்வளவுதான் வித்தியாசம். காதுக்கு இரண்டும் ஒன்றுதான். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2018-ல் உணவகத்துக்குச் சாதகமாக முடிந்தது. நந்தினி என்பது புராணத்துப் பசுவின் பெயர், யாரும் புதிதாக உருவாக்கிய சொல் இல்லை. இரண்டு பேரும் விற்கும் பொருள்களும், இருவரின் லோகோக்களும் வேறு என்று நீதிமன்றம் பார்த்தது. உணவகத்தின் பதிவில் பாலும் பால் பொருள்களும் வராது என்றும் ஆனது. ஒரு மாநிலத்தின் பால் இணையத்துக்கே இப்படியென்றால், மங்களகரமான பொதுப் பெயரை எடுக்கும் சின்னக் குழுவின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

அதனால் லேபிளை மூன்றாகப் பிரித்தோம். மேலே பெரிதாக, இவர்களுக்கே சொந்தமாகப் போகும் பிராண்ட் பெயர். அது எந்த மொழியிலும் மாறாது. நடுவில் பொருளின் பெயர். அது மொழிக்கு மொழி மாறும்: தமிழுக்குச் சாமை, கன்னடத்துக்கு ஸாமெ, தெலுங்குக்கு ஸாமலு, மலையாளத்துக்குச் சாம, இந்திக்குக் குட்கி. (குட்கியைத் தமிழில் பெரிதாக அச்சடித்துவிடாதீர்கள், குட்கா என்று போலீஸ் வந்துவிடப்போகிறது!) கீழே, ‘விளைந்த இடம்: சித்தேரி மலை, தருமபுரி மாவட்டம்’. ஊர்ப் பெயர் போகவில்லை, தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டது.

அச்சடிக்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. டிரேடு மார்க் பதிவகத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். அதில் Wordmark தேடல் எழுத்தைப் பார்க்கும். அதோடு நிறுத்திவிடாமல் Phonetic தேடலையும் செய்யுங்கள், ஒரே மாதிரி ஒலிக்கும் வேறு ஸ்பெல்லிங்கை அதுதான் பிடித்துக் கொடுக்கும். அரிசியாக்கிய தானியம், மாவு, தேன் எல்லாம் 30-வது வகுப்பு, உமி நீக்காத தானியம் 31-வது வகுப்பு. ஆன்லைன் விண்ணப்பத்துக்கு ஒரு வகுப்புக்குத் தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. குழுவுக்கு உத்யம் பதிவு இருந்தால் பாதிக் கட்டணம். ஆட்சேபம் ஏதுமின்றிப் பதிவானால் 10 வருடம் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம்.

லோகோவில் விளைந்த கோதுமை

கடைசியாக லோகோ. பழைய பாக்கெட்டில் ஒரு வட்டம். அதற்குள் மலை, சூரியன், தலையில் கூடை வைத்த பெண், இரண்டு கைகள், ஒரு கதிர், சுற்றிலும் எழுத்து. ஐந்து வண்ணம். கம்ப்யூட்டர் திரையில் பிரமாதமாக இருந்திருக்கும். ஸ்டிக்கரில் அது நாலு செ.மீ. அகலம்தான். இரண்டடி தள்ளி வைத்துப் பார்த்தால் பழுத்த தக்காளி மாதிரி இருந்தது.

“அது என்ன கதிருன்னு பாத்தியா?” என்றார் பாட்டி. உற்றுப் பார்த்தேன். விறைப்பாக நிமிர்ந்து, இருபுறமும் அடுக்கடுக்காக மணி வைத்து, மேலே மீசை நீட்டிக்கொண்டிருந்தது. கோதுமை! இணையத்தில் ‘தானியம்’ என்று தேடினால் முதலில் கிடைக்கும் படம் அதுதான், டிசைன் செய்தவர் அதை எடுத்து ஒட்டிவிட்டார். சாமைக் கதிர் அப்படி இருக்காது. கிளை கிளையாகப் பிரிந்து, தளர்ந்து, ஒரு பக்கம் தலைசாய்ந்து தொங்கும். நெருக்கமாக நரிவால் மாதிரி இருந்தால் அது தினை. சிறுதானியம் வாங்கும்போது பாக்கெட்டின் படத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். கோதுமை படம் போட்ட சாமையும் வரகும் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள்.

புது லோகோவுக்கு ஒரே ஒரு விஷயம் என்று முடிவானது: தலைசாய்ந்த சாமைக் கதிர். ஆனால் நிஜக் கதிரின் கிளைகள் நூல் மாதிரி மெல்லியவை, அப்படியே வரைந்தால் சின்ன ஸ்டிக்கரில் காணாமல் போகும். எனவே மூன்றே கிளை, தடித்த கோடு, கிளைக்கு நாலைந்து மணி. இது படம் இல்லை, அடையாளம். பார்ப்பவருக்குத் ‘தொங்கும் கதிர்’ என்பது மட்டும் ஞாபகம் இருந்தால் போதும்.

எழுத்திலும் ஒரு கண்டம் இருந்தது. தமிழில் மெய்யெழுத்தின் புள்ளி சின்னது. மலிவு ஸ்டிக்கரில் மை பரவினால் புள்ளி எழுத்தோடு ஒட்டிவிடும், அல்லது மறைந்துவிடும். புள்ளி போனால் ‘ம்’ ‘ம’ ஆகிவிடும், பெயரே மாறிவிடும். ஆகவே எழுத்துரு தேர்ந்தெடுக்கும்போது புள்ளிக்கும் எழுத்துக்கும் இடைவெளி இருக்கிறதா என்று பார்த்தோம். அதே பெயர் ஆங்கிலத்தைவிடத் தமிழில் அதிக அகலம் பிடிக்கும் என்பதால், தமிழை மேலே முழு அகலத்துக்கும், ஆங்கிலத்தைக் கீழே அதற்குள் அடங்குமாறும் வைத்தோம்.

பிறகு சோதனை. கறுப்பு ஒரே வண்ணத்தில் ஒன்றரை செ.மீ. அகலத்துக்குச் சுருக்கி அச்செடுத்து, அரூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அதையே நகல் எடுத்து, அந்த நகலுக்கு இன்னொரு நகல் எடுத்தோம். இரண்டாவது நகலிலும் கதிரும் பெயரும் தெரிந்தன. ஒரே வண்ணத்தில் நிற்கிற லோகோவுக்குப் பிறகு எத்தனை வண்ணம் வேண்டுமானாலும் பூசலாம். வண்ணம் இருந்தால்தான் நிற்கும் என்றால், பில் புத்தகத்திலும், ரப்பர் ஸ்டாம்பிலும், சாக்குப் பையிலும் அது படுத்துவிடும்.

இன்னொன்று, அச்சடித்த பை என்றால் வண்ணத்துக்கு ஒரு சிலிண்டர் செய்ய வேண்டும், பெரிய எண்ணிக்கையில் ஆர்டர் கொடுத்தால்தான் கட்டுப்படியாகும். பெயர் பதிவாகும் வரை வெறும் பையில் ஸ்டிக்கர்தான் என்று குழு முடிவு செய்துவிட்டது. பழைய ஸ்டிக்கரின் நஷ்டம் கற்றுக்கொடுத்த பாடம் அது.

சரி, பெயர் என்ன?

இரண்டாம் நாள் சாயங்காலம், உமி புடைத்துக்கொண்டே ஒரு சொல்லைச் சொன்னார் அதே பாட்டி. வீட்டில் புழங்கும் சாதாரணச் சொல்தான். இரண்டு அசை. வல்லினம் இல்லை. ஒரே நெடில், அதுவும் முதலில். நான் ஐந்து பேருக்கும் போன் போட்டேன். ஐந்து பேரும் ஒரே ஸ்பெல்லிங் அனுப்பினார்கள். படித்துக் காட்டியவர்களும் சரியாகப் படித்தார்கள். மறுநாள் காலை, நான் கேட்கும் முன்பே பாட்னா தோழி, “அந்தப் பேர் என்னாச்சு?” என்று பெயரைச் சொல்லியே கேட்டாள்.

அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். விண்ணப்பம் இன்னும் போகவில்லை. “பேப்பர்ல போட்டு யாராவது நமக்கு முன்னாடி பதிஞ்சிட்டா என்ன பண்றது?” என்று கேட்டு, என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏற்றிவிட்டார் தலைவி அக்கா. எனக்குப் பத்து மார்க் கொடுத்த பேப்பரில் இல்லாத பாயின்ட் இது.

கையில் ஒரு கிலோ சாமை கொடுத்தார்கள். ஹாஸ்டலில் உப்புமா செய்தோம். பாட்னா தோழி சாப்பிட்டுவிட்டு, “இதுல மலாய் எங்கே?” என்றாள். நான் அந்தப் பழைய பாக்கெட்டை இன்னும் தூக்கிப்போடாமல் மேஜை மேல் வைத்திருக்கிறேன்.